பொது ஃபாஸ்ட் சார்ஜர் வாங்குவதற்கு முன்: நம் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்தேன். விருந்தினர் பார்க்கிங்கில் 60 கிலோவாட் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்று பொதுவாக வைக்கப்போகிறீர்கள். அது வந்துவிடுவதால், அவரவர் பார்க்கிங்கில் தனி பிளக் பாயின்ட் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் இனி ஏற்கப்படாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த விண்ணப்பங்களில் என்னுடையதும் ஒன்று, 11 மாதமாகக் காத்திருக்கிறது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ராத்திரி முழுக்க எதுக்குப்பா வயர் இழுக்கணும்?" நியாயமான கேள்விதான். எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பேட்டரி பேக்குகளைச் சோதிப்பதுதான் ஒன்பது ஆண்டுகளாக என் வேலை. அதனால் இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் பேட்டரி இரண்டு வருடத்தில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மையில்லை. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2012 மாடல் நிசான் லீஃப் கார்கள் நான்கை ஃபீனிக்ஸ் நகரில் ஓட்டிப் பார்த்தது. இரண்டுக்கு மெதுவான ஏசி சார்ஜ் மட்டும், மற்ற இரண்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜ் மட்டும். 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் ஓடியபின் நான்குமே கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கை இழந்திருந்தன. ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட இரண்டு கார்கள் கூடுதலாக இழந்தது சில சதவீதப் புள்ளிகள்தான். 2023-இல் ரிக்கரன்ட் என்ற நிறுவனம் 12,000-க்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களின் தரவைப் பார்த்தபோது, பெரும்பாலும் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டவற்றுக்கும் அரிதாகவே போட்டவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

அப்படியென்றால் நான் ஏன் மறுக்கிறேன்? அந்த ஃபீனிக்ஸ் கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். மெதுவாகச் சார்ஜ் ஏற்றிய கார்களும் கால் பங்கை இழந்தன. அது பாலைவன நகரம், லீஃப் பேட்டரிக்கோ திரவக் குளிரூட்டல் கிடையாது. அங்கே பேட்டரியைத் தின்றது முதலில் சூடு, அப்புறம்தான் வேகம். டெஸ்லாவில் வித்தியாசம் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. அதன் பேட்டரி பெரியது, குளிரூட்டல் பலமானது, ஆராயப்பட்ட கார்களில் பலவும் புதியவை. நம் பார்க்கிங்கில் நிற்பவை பெரும்பாலும் 30 யூனிட் அளவுள்ள சின்ன பேட்டரிகள். அவை நிற்பது சென்னையில்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன். 30 யூனிட் பேட்டரி, சுமார் 320 வோல்ட், உட்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 30 கிலோவாட்டில் சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் ஏறத்தாழ 94 ஆம்பியர் பாயும். உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை உட்தடையால் பெருக்கினால் வரும்: சுமார் 880 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை பேட்டரிக்குள் வைத்த மாதிரி. அதே பேட்டரிக்கு 15 ஆம்ப் பிளக்கில் இருந்து ஏற்றினால் உள்ளே போவது சுமார் 3 கிலோவாட், மின்னோட்டம் 9 ஆம்பியர் சொச்சம், வெப்பம் வெறும் 9 வாட். நம் வீட்டு எல்இடி பல்பு ஒன்றின் அளவு. வேகம் பத்து மடங்கு கூடும்போது வெப்பம் நூறு மடங்கு கூடுகிறது. நேரம் பத்தில் ஒன்றாகக் குறைவதால், சார்ஜ் முடியும்போது மொத்த வெப்பம் பத்து மடங்காக நிற்கிறது. 20 சதவீதத்தில் இருந்து 80 வரை ஏற்றினால், குளிரூட்டல் இல்லாத பட்சத்தில் பேக்கின் வெப்பநிலை எட்டு பத்து டிகிரி ஏறும். மெதுவாக ஏற்றினால் ஒரு டிகிரிகூட ஏறாது.

போன மே மாதம் என் வண்டியிலேயே இதைப் பார்த்தேன். ஓஎம்ஆரில் ஓட்டிக்கொண்டு வந்து, மதியம் 2 மணிக்கு ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்தினேன். டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகிய டாங்கிள், பேட்டரி 39 டிகிரி என்று காட்டியது. குளிரூட்டும் பம்பும் ஃபேனும் இரைந்துகொண்டே இருந்தன, அப்படியும் அரை மணி நேரத்தில் 46 தொட்டது. 29 கிலோவாட்டில் ஏறிக்கொண்டிருந்த சார்ஜை வண்டியே 17-க்கு இறக்கிவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது அப்புறம் நடந்தது. வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட்டில் நிறுத்திவிட்டு, இரவு 11 மணிக்குப் போய்ப் பார்த்தேன். அப்போதும் 41 டிகிரி. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பேக், காற்றோட்டமில்லாத இடத்தில் லேசில் ஆறாது. அடுத்த வாரம் தாம்பரத்தில் அக்கா வீட்டில் சாதாரண பிளக்கில் இரவு முழுக்கப் போட்டேன். தொடங்கும்போது 34, விடியற்காலையில் எழுந்து பார்த்தபோதும் 34.

இந்த ஏழெட்டு டிகிரி ஏன் முக்கியம் என்றால், செல்லுக்குள் கிராஃபைட் மின்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அது செல்லுக்குத் தேவையானதுதான். ஆனால் சிறுகச் சிறுகத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போது லித்தியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. கொள்ளளவு குறைகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது எங்கள் துறையில் தோராயமாகப் பயன்படுத்தும் கணக்கு. ஆக, பார்க்க வேண்டியது சார்ஜ் போட்ட அந்த அரை மணி நேரத்தை மட்டுமல்ல, அதன்பின் பேட்டரி சூடாகவே கிடக்கும் ஐந்தாறு மணி நேரத்தையும்தான். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் வழியில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் இது கணக்கிலேயே வராது. வேறு வழியில்லாமல் வாரத்தில் நாலு நாள், அதுவும் எட்டு வருடம் போடுகிறவருக்குத்தான் சேர்ந்துகொண்டே போகும். நீங்கள் தனி பாயின்ட்டை மறுத்தால், 14 கார் உரிமையாளர்களும் அந்த நிலைக்குத்தான் வருவோம்.

வேகமாக ஏற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிராஃபைட் உள்ளே வாங்கிக்கொள்வதைவிட வேகமாக லித்தியம் அயனிகள் வந்து சேர்ந்தால், அவை மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். இது குளிர் நாடுகளில்தான் பெரிய தொல்லை. இங்கே, பேட்டரி நிறையும் கட்டத்தில் மட்டும் கவனம் தேவை. 80 சதவீதத்துக்கு மேல் வண்டி தானாகவே வேகத்தைக் குறைப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். அதனால் பொது சார்ஜரில் யாரும் 80-க்கு மேல் போட்டுக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. பின்னால் நிற்பவருக்கும் காத்திருப்புதான் மிச்சம்.

இரவில் மெதுவாகப் போடுவதிலும் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரவு 9 மணிக்கு 50 சதவீதத்தில் செருகினால் 2 மணிக்கெல்லாம் 100 ஆகிவிடும். சனி, ஞாயிறு வண்டியை எடுக்காவிட்டால் முழு நிறைவோடு இரண்டு நாள் சூட்டில் கிடக்கும். நிறைந்த செல்லும் சூடும் சேர்ந்தால், ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகும். நிக்கல் கலந்த செல்களில் இது அதிகம், இரும்பு பாஸ்பேட் வகையான எல்எஃப்பி செல்களில் குறைவு. சார்ஜ் 80-இல் நிற்கும்படி வண்டியில் வரம்பு வைக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால், கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி டைமர் வைத்தால் போதும். எல்எஃப்பி வண்டிக்கு மட்டும், தயாரிப்பாளர் சொல்கிறபடி அவ்வப்போது 100 வரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சதவீதக் கணக்கு தப்பாகிவிடும். அவரவர் பாயின்ட் இருந்தால் இதெல்லாம் ஒரு நிமிட வேலை. பொது சார்ஜரில் வரிசை பார்த்துப் போடுகிறவரால் நேரத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. மதியம் இடம் காலியாக இருந்தால் மதியமே, வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்போதே போடுவார்.

சரி, லோடு தாங்குமா என்று பொருளாளர் கேட்டிருந்தார். ஒரு பாயின்ட் 3.3 கிலோவாட். பதினான்கு கார்களும் ஒரே நேரத்தில் செருகினாலும் 46 கிலோவாட்தான். நீங்கள் வாங்கப்போகும் ஒரே சார்ஜருக்கு 60 வேண்டும். உண்மையில் நம் கார்கள் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் ஓடினால் 6 யூனிட் செலவாகும், அதை ஏற்ற இரண்டு மணி நேரம் போதும். இரண்டு குழுவாகப் பிரித்து நேரம் வைத்தால் 23 கிலோவாட்டில் அடங்கிவிடும். அந்த 60-இலும் பாதியை நம் சின்ன கார்களால் வாங்கிக்கொள்ள முடியாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார், சார்ஜர் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். நம் வளாகத்தில் முப்பதுக்கு மேல் மின்சார ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. காருக்கான சிசிஎஸ்2 துப்பாக்கி அவற்றில் ஒன்றில்கூடப் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது சாதாரண பிளக்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கேட்டவர்களுக்கு 15 ஆம்ப் பாயின்ட்டுக்கு அனுமதி கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த், தனி சப்-மீட்டர் இருக்கட்டும், செலவு எங்களுடையது. எக்ஸ்டென்ஷன் வயர் போடக்கூடாது என்று கண்டிப்பாக விதி வையுங்கள், அதற்கு என் முழு ஆதரவு உண்டு. பொது சார்ஜரும் வேண்டும் என்றால் 30 கிலோவாட் போதும். அதையும் வெயில் விழாத, காற்று வருகிற இடத்தில் வையுங்கள்.

சப்-மீட்டரால் இன்னொரு பயனும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில், 10 சதவீதத்தில் இருந்து 100 வரை ஏற்ற எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்து வைத்தால், கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்று அவரவருக்கே தோராயமாகத் தெரியும். முதல் வருடம் 30 யூனிட் ஓடி, மூன்றாம் வருடம் 28.5 ஓடினால், இழப்பு 5 சதவீதம் அளவில் இருக்கும். சார்ஜரில் வீணாவது இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் அது கணக்கைக் குலைக்காது. பழைய வண்டியை விற்கும்போது கையில் காட்ட ஒரு கணக்கும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு டாங்கிளைக் கொண்டு வருகிறேன். சார்ஜர் வாங்கும் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவதற்கு முன், பத்து நிமிடம் பார்க்கிங்குக்கு வாருங்கள். ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுவிட்டு வந்து நிற்கும் ஒரு வண்டியையும், முந்தைய இரவு வெளியே பிளக்கில் போட்ட ஒரு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேட்டரியின் சூட்டை நீங்களே படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
பி பிளாக், இரண்டாம் மாடியில் இருந்து