அண்ணன் கை

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

பாளையங்கோட்டை ஓவியரிடம் நீ வரையச் சொன்ன எங்கள் கல்யாணப் படம் வந்து சேர்ந்தது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். கூடத்துச் சுவர் பாதியை அடைத்துக்கொண்டது.

அந்த மனிதர் நிறைய மெனக்கெட்டிருக்கிறார். பழைய போட்டோவில் எங்கள் முகம் சுண்டுவிரல் நகம் அளவுதானே. அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, மேலே கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தாராம். பெரிதாக்கினால் கண்ணெல்லாம் வெறும் கறையாகிவிடுகிறது என்று அப்பாவின் பழைய அடையாள அட்டையையும் கேட்டு வாங்கினார். கறுப்பு வெள்ளையில் அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பல் நிறம்தான். அதனால் என் கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் காட்டினேன். அரக்கு அப்படியே வந்திருக்கிறது. என்னை மட்டும் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டார். போகட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு பக்கத்தில் போய்த் தன் இடது தோளைத் தடவினார். "ஏளா, அண்ணன் கை எங்க?"

உனக்கு நினைவிருக்கிறதா, போட்டோவில் உன் பெரியப்பா பின்னால் நிற்பார். ஓரமெல்லாம் பூஞ்சை அரித்து அவர் முகம் போய்விட்டது. அப்பா தோளில் வைத்த கை மட்டும்தான் மிச்சம். ஆளில்லாத கை எதற்கு என்று ஓவியர் அதை எடுத்துவிட்டு அங்கவஸ்திரத்தை இழுத்து மூடியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, யாரும் சொல்லவில்லையே. ஆனால் தோளை உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டார். கையின் பாரத்தில் இடது பக்கம் லேசாக இறங்கியே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அப்பா கண்டுபிடித்தார்.

கேமராக்காரர் நிமிர்ந்து நில்லுங்க என்று சொல்லச் சொல்ல இவர் கூச்சத்தில் குனிந்துகொண்டே இருந்தார். அண்ணன்தான் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்தார். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தவர். அவருக்கென்று வேறு படமும் கிடையாது.

ஓவியருக்குப் போன் போட்டேன். எண்ணெய் வண்ணம் உள்ளுக்குள் காய மாதக்கணக்காகும், அதனால் வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, மேலேயே கையை வரைந்துவிடலாம் என்றார். பெரியப்பா முகத்தைப் போடலாமா என்று நான்தான் கேட்டேன். பார்க்காத முகத்தை ஊகித்து வரைந்தால் அது வேறு யாரோவாகத்தான் இருக்கும் என்றார். அப்பாவும் வேண்டாம் என்றுவிட்டார்.

பிரிண்ட் போட்ட கடையில் ஓரத்தை வெட்டிவிட்டார்களாம். நீ போனில் எடுத்துவைத்த முழுப்படம் இருந்தால் அவருக்கு அனுப்பு. விரலில் மோதிரம் போட்டுவிட வேண்டாம், அண்ணன் போட்டதே இல்லை என்று அப்பா சொல்லச் சொன்னார். கூடக் கொஞ்சம் பணம் கேட்டால் பேரம் பேசாதே.

இப்படிக்கு,
அம்மா