தேனீ எழுப்பும் இரண்டு ஓசைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பாலர் வகுப்பு 2இல் பயிலும் பிள்ளைகள் அடுத்த வாரம் தமிழ்ப் பாடவேளையில் தேனீக்கள் நடத்தும் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிக் கற்கவிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, தோள்களைக் குலுக்கி, "ரீ...ங்" என்று உரக்க ஒலியெழுப்பினால் நீங்கள் திகைக்க வேண்டியதில்லை. அந்த ஒலிக்கும் அசைவுக்கும் பொருள் உண்டு என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேனீப் பாடம் என்றாலே கைகளை இறக்கைபோல் அடித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி ஓடுவது வழக்கம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் தேனீ பூவில் என்ன செய்கிறது என்பது அதில் தெரிவதே இல்லை. ஆகவே, இம்முறை பள்ளித் தோட்டத்துத் தொட்டியில் வளரும் கத்தரிச் செடியையே பாடமாக எடுத்துக்கொண்டோம். ஊதா நிறத்தில் தலைகவிழ்ந்து தொங்கும் கத்தரிப்பூவின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூம்புபோல் நிற்கும். பல பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துத் திறந்துவிடும், கத்தரியில் அப்படியில்லை. ஒவ்வொரு பையின் நுனியிலும் சிறு துளை மட்டுமே இருக்கும், மகரந்தம் உள்ளேயே அடைந்து கிடக்கும். இப்பூவில் தேனும் இல்லை. மகரந்தத்தைத் தேடி வரும் தேனீ அதனை உதிர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையைச் சிங்கப்பூரில் நாம் அடிக்கடி காணும் கரிய, பருத்த தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீயும் திறம்படச் செய்கின்றன. தேனீ பறந்து வரும்போது தாழ்ந்த குரலில் "ஙொய்ய்ய்" என்று கேட்கும். பூவில் தொற்றியதும் அது மகரந்தப்பைக் கூம்பைக் கால்களால் இறுகப் பற்றி, இறக்கைகளை முதுகின் மேல் மடக்கிக்கொள்கிறது. பிறகு பறப்பதற்குப் பயன்படுத்தும் அதே மார்புத் தசைகளை, இறக்கையை வீசாமலேயே அதிரச் செய்கிறது. வீச வேண்டிய இறக்கைகள் மடங்கியிருப்பதால் அதிர்வு விரைவாகிறது; ஓசையும் மேலேறி "ரீங்" என்று கூர்மையாகக் கேட்கிறது. அந்த அதிர்வில் துளைகள் வழியே மகரந்தம் கொட்டித் தேனீயின் வயிற்றுப்புறத்து மயிர்களில் ஒட்டிக்கொள்கிறது. கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடி அதே வயிற்றில் உராயும்போது, முன்பு சென்ற பூவிலிருந்து வந்த மகரந்தமோ இப்பூவின் மகரந்தமோ அதில் படிகிறது; கத்தரிக்கு இரண்டுமே பயன்படும். தேன்கூட்டுத் தேனீக்களால் இவ்வாறு பூவை அதிரச் செய்ய இயலாது என்பதைப் பெரியவர்களே பலர் அறிந்திருப்பதில்லை.

வகுப்பில் பிள்ளைகள் இருவர் இருவராக இதனைச் செய்வார்கள். ஒருவர் பூ, மற்றவர் தேனீ. பூவாக நிற்கும் பிள்ளை, துளையிட்ட மூடியுள்ள மிளகுத்தூள் குப்பியைத் தலைகீழாகப் பிடித்திருப்பார். அதனுள் மஞ்சள் கலந்த ரவை இருக்கும். நுண்ணிய மாவு மூச்சில் ஏறிவிடும் என்பதால் அதனைத் தவிர்த்துவிட்டோம். தேனீயாக வரும் பிள்ளை கைகளை விரித்து அசைத்து "ஙொய்ய்ய்" என்று தாழ்ந்த குரலில் சுற்றி வந்து, பூவின் அருகே நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, இரு கைகளாலும் குப்பியைப் பற்றிக்கொண்டு, "ரீ...ங்" என்று குரலை உயர்த்தித் தோள்களை விரைவாகக் குலுக்க வேண்டும். கறுப்புத் தாளின் மேல் மஞ்சள் ரவை சிந்துவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள். குப்பியை மெல்லத் தொட்டால் எதுவும் விழாது, குலுக்கினால்தான் விழும் என்பதை அவர்களே செய்து பார்த்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

வீட்டில் பயிற்சி செய்ய நான்கு வரிகளை ஆசிரியைகள் எழுதியிருக்கிறார்கள்.

ஙொய்ஙொய் என்றே வந்தது வண்டு
கத்தரிப் பூவினைக் கண்ணால் கண்டு
இறக்கை மடக்கி உடலை உந்தும்
ரீங்கென அதிர மகரந்தம் சிந்தும்

முதல் வரிக்குக் கைகள் விரிந்து அசையும். இரண்டாம் வரியில் அசைவு நின்றுவிடும். மூன்றாம் வரியில் முழங்கைகள் விலாவோடு ஒட்டும். நான்காம் வரியில் தோள்கள் மட்டும் குலுங்கும். பிள்ளை கடைசி வரியிலும் கைகளை அடித்துக்கொண்டிருந்தால், வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகச் சொல்லி, அதன் உள்ளங்கையை அதன் நெஞ்சிலேயே வைத்துவிடுங்கள். கை அசையாமலேயே உடல் அதிர முடியும் என்பது அப்போது விளங்கிவிடும். அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகாத நேரமாகப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கத்தரிச் செடி இருந்தால் பிள்ளையை அழைத்துச் சென்று காட்டலாம். உயர்மாடி வீடுகளில், குறிப்பாக வலையடித்த சன்னலுக்கு உட்புறம் வைத்த செடிகளில், பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று பெற்றோர் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. நல்ல காற்றுபடும் இடமாயின் அந்த அசைவிலேயே சில காய்கள் பிடிக்கும்; காற்றும் இல்லை, தேனீயும் வரவில்லை என்றால் பூக்காம்பு மஞ்சளாகி, பூ சில நாள்களில் உதிர்ந்துவிடும். அத்தகைய செடிக்கு மின்சாரப் பல்துலக்கியைக் கொண்டு நீங்களே தேனீயின் வேலையைச் செய்யலாம். மழையில்லாத காலைப்பொழுதில், மலர்ந்த பூவின் கீழே கறுப்புத் தாளைப் பிடித்து, ஓடும் பல்துலக்கியின் பின்புறத்தை மகரந்தப்பைக் கூம்பின் மேல் இரண்டு மூன்று நொடிகள் வையுங்கள். தாளில் மெல்லிய மஞ்சள் தூள் விழுந்தால் செய்தது சரி. ஈரமாக இருந்தால் மகரந்தம் கட்டிக்கொண்டு விழாது. பூ வாடிய பின் காம்பு பருத்து, பச்சையிதழ்களுக்குள் சிறு பிஞ்சு தலைகாட்டினால் காய் பிடித்துவிட்டது என்று பொருள். ஆனால் சில கத்தரிப்பூக்களில் சூலகமுடியைத் தாங்கும் சூல்தண்டு குட்டையாகி, அம்முடி கூம்புக்குள்ளேயே மறைந்திருக்கும். அவை எப்படி அதிர்ந்தாலும் பெரும்பாலும் காய்ப்பதில்லை. அதற்காகப் பிள்ளை வருந்தினால், அந்தப் பூவையும் சூலகமுடி நீண்ட பூவையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

தேனீ வந்துபோன பூவையும் சில வேளைகளில் கண்டுபிடிக்கலாம்: தேனீ தாடையால் கவ்வியிருந்தால், அந்த இடத்தில் மஞ்சள் கூம்பின் மேல் பழுப்புத் தழும்பு தெரியும். தோட்டத்தில் பிள்ளைகள் அதனைத்தான் தேடப்போகிறார்கள்.

தச்சுத் தேனீயின் பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, எனினும் கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ ஒழிய அது கொட்டுவது அரிது. பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று எட்ட நின்றே பார்ப்பார்கள். தேன்கூடு உள்ள எந்த இடத்துக்கும் அவர்களை அழைத்துச் செல்லமாட்டோம். பூச்சிக்கடியோ கோதுமையோ ஒவ்வாத பிள்ளைகளின் பெற்றோர், ரவையும் கோதுமையிலிருந்தே வருவது என்பதால், இவ்வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் தெரிவித்துவிடுங்கள். கோதுமை ஒவ்வாத பிள்ளைகளுக்கு அரிசி மணிகளைப் பயன்படுத்துவோம். வீட்டில் காலியான மிளகுத்தூள் குப்பி இருந்தால், காரம் போகக் கழுவி, நன்றாக உலர்த்திக் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்