125ஐப் பார்த்துத் துள்ளாதே

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன், ரெண்டு முழு ரிப்போர்ட்டையும் மருமகளிடம் வாங்கிப் பார்த்தேன். "எல்டிஎல் 164ல இருந்து 125க்கு வந்துடுச்சும்மா, டயட் வேலை செய்யுது" என்று போட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இத்தனை வருஷம் லேபில் ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டுப் பிரித்தவள் நான், ஒரு எண்ணை மட்டும் பார்த்து யாரும் துள்ளினால் எனக்குப் பொறுக்காது.

முதலில் ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். எல்டிஎல் ரத்தக்குழாயில் படிகிற கெட்ட கொலஸ்ட்ரால், ஹெச்டிஎல் நல்லது, ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு, விஎல்டிஎல் அதைச் சுமக்கிற வண்டி. பழைய ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, ஹெச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 190, விஎல்டிஎல் 38, எல்டிஎல் 164. புதியதில் மொத்தம் 226, ஹெச்டிஎல் 32, ட்ரைகிளிசரைடு 345, விஎல்டிஎல் 69, எல்டிஎல் 125. இதில் விஎல்டிஎல்லைப் பார். 190ஐ 5ஆல் வகுத்தால் 38, 345ஐ 5ஆல் வகுத்தால் 69. இப்படி அச்சாக ஐந்தில் ஒன்று வந்தால் அதை மெஷின் அளக்கவில்லை, கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மொத்தத்தில் இருந்து ஹெச்டிஎல்லையும் இந்த ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து, மிச்சத்தை எல்டிஎல் என்று எழுதுவார்கள். 226ல் 32 போய், 69 போய், 125. சரியாக வருகிறதா?

அப்போ ட்ரைகிளிசரைடு ஏறினாலே கழிக்கிற எண் பெரிதாகி, எல்டிஎல் காகிதத்தில் தானாகக் குறையும். ட்ரைகிளிசரைடு கூடக்கூட இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துத்தான் காட்டும், 400 தாண்டினால் கணக்கே செல்லாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லவேண்டும். அதனால் உன் மாதிரி ஆட்களுக்கு நான் பார்ப்பது வேறு எண். மொத்தத்தில் இருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழி. அதுதான் நான்-ஹெச்டிஎல், ரத்தக்குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்தது. பழையதில் 202, புதியதில் 194. மூன்று மாசம் முட்டையைக் கூடத் தொடாமல் இருந்ததற்கு 8 தான் இறங்கியிருக்கிறது! 130க்குள் இருக்கவேண்டிய எண் அது. எல்டிஎல் கொஞ்சம் உண்மையாகவே குறைந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் 39 குறையவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கறி, முட்டை, நெய், எண்ணெய் எல்லாம் நிறுத்திவிட்டு, காலையில் தேன் ஊற்றி கார்ன்ஃப்ளேக்ஸ், மத்தியானம் ரசத்தில் மூன்று தட்டு சோறு, சாயங்காலம் "நம்ம ஊர் மாம்பழம் தானே" என்று பாட்டில் ஜூஸ், ராத்திரி சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். கொழுப்பை எடுத்த இடத்தில் பூராவும் மாவும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்துவிட்டது. தேவைக்கு மேல் போகிற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி விஎல்டிஎல்லில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்பும், அதுதான் உன் ட்ரைகிளிசரைடு. அது ஏறினால் ஹெச்டிஎல் இறங்கும், உனக்கு 36 போய் 32 ஆனதும் அதனால்தான். இந்த மாதிரி ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்தால் மேலே நிற்கிற சீரம் சில சமயம் பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கும், டியூபைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ட்ரைகிளிசரைடை இறக்க முட்டையோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஜூஸ், தேன், பிஸ்கட், டீயில் சர்க்கரை, இதெல்லாம் நிற்கவேண்டும். சோறு ஒரு தட்டாகவேண்டும். கிருஷ்ணகிரிக்காரன் மாம்பழமே சாப்பிடக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, செந்தூரா சின்னதாக ஒன்றைப் பழமாகவே சாப்பிடு, ஆனால் ஃபேக்டரிக் கூழில் சர்க்கரை கலந்த பாட்டில் வேண்டாம். அப்புறம் சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸோடு என்ன குடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவேண்டாம், ஆனால் ட்ரைகிளிசரைடை அதுவும் நன்றாக ஏற்றும் என்று தெரிந்துகொள். வயிற்றைச் சுற்றி இருக்கும் எடை நாலைந்து கிலோ இறங்கினாலும் இந்த எண் கேட்கும். சில வாரத்திலேயே மாற்றம் தெரியும், பலருக்குப் பாதி வரைகூட இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

களி சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று உன் பெரியம்மா சொல்வாள், நம்பி ரெண்டு உருண்டை போட்டுவிடாதே. கேழ்வரகும் மாவுதான், வெள்ளைச் சோற்றுக்குப் பதில் ஒரு உருண்டை என்றால் நல்லது, சோற்றுக்கு மேல் என்றால் கெட்டது.

எல்டிஎல் கதை வேறு. அதை ஏற்றுவது முக்கியமாக உறைகிற கொழுப்பு. நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பாமாயில், வனஸ்பதி போட்ட பேக்கரி பஃப்ஸ். ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற வேலை கல்லீரலுடையது, இந்தக் கொழுப்பு அதிகமானால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். நீ நெய்யை நிறுத்தியது சரி, ஆனால் அந்த இடத்தில் மாவு வராமல் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக வந்திருக்கவேண்டும், ஒரு கை வேர்க்கடலை வந்திருக்கவேண்டும். அப்படி மாற்றினால் எல்டிஎல்லும் இறங்கும், ட்ரைகிளிசரைடும் துள்ளாது. எண்ணெயே இல்லாத சாப்பாடு உனக்கு வேண்டாம். முட்டை தினம் ஒன்று சாப்பிடலாம், பெரும்பாலானவர்களுக்கு எல்டிஎல்லைப் பெரிதாக அசைக்காது, டாக்டர் வேண்டாம் என்றால் மட்டும் விடு.

எல்டிஎல்லுக்கு இன்னொன்று, கரைகிற நார். கொள்ளு, மொச்சை, அவரை, காராமணி, ஓட்ஸ். அந்த நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும், கல்லீரல் புதுப் பித்தம் செய்யக் கொலஸ்ட்ரால் வேண்டுமே, அதை ரத்தத்தில் இருந்து எடுக்கும். தினம் ஒரு கிண்ணம் வேகவைத்த கொள்ளோ மொச்சையோ சோற்றைக் குறைத்த இடத்தில் வரட்டும். ரசத்தில் மிதக்கிற நாலு கொள்ளு போதாது. இதற்கெல்லாம் எல்டிஎல் மெதுவாகத்தான் அசையும், ஆறு வாரமாவது ஆகும், சாப்பாட்டால் மட்டும் பத்து பதினைந்து சதவீதம் இறங்கினாலே பெரிய விஷயம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாத்திரை பற்றி டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், அவர் எழுதினால் கூகுள் பார்த்துப் பயந்து நிறுத்தாதே. ட்ரைகிளிசரைடு என்றைக்காவது 500 தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது, அன்றைக்கு டயட் பார்க்கலாம் என்று இருக்காமல் நேராக டாக்டரிடம் போ.

எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடு, அதே லேபில். முந்தின ராத்திரி கல்யாண ரிசப்ஷன், பார்ட்டி எதுவும் வேண்டாம், பத்து மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போ. கூடவே சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரெண்டும் எடுக்கச் சொல். ட்ரைகிளிசரைடு கூடி ஹெச்டிஎல் குறைந்த ஆளுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும், உன் அப்பா வழியில் வேறு இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல், ட்ரைகிளிசரைடு ரெண்டும் ஏறும். ரிப்போர்ட்டை இந்தத் தடவை மாதிரி எல்டிஎல் வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல், முழு பிடிஎஃப்பையும் அனுப்பு, மிச்சத்தை மருமகளிடம் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

அம்மா
காவேரிப்பட்டினம்