கறுப்புத் திரை எந்தப் பக்கத்துக்கு வேண்டும்? வங்கிச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நானும் ஆண்ட்ராய்டு செயலி எழுதிப் பிழைக்கிறவன்தான். அதனால் உங்களோடு கொஞ்சம் உரிமையாகவே பேசுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா மகனுடைய ஹாஸ்டல் கட்டணம் 8,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஹாஸ்டலுக்கு வந்து சேரவில்லை. செயலியில் ஒரு பிழைச் செய்தியும், அதன் கீழே 12 இலக்கக் குறிப்பு எண்ணும் நின்றன. உதவி எண்ணுக்குப் போன் போட்டால், "அந்த ஸ்கிரீன்ஷாட்டை மெயில்ல அனுப்புங்க மேடம்" என்றார்கள். அக்கா எடுத்துப் பார்த்தார். பாதுகாப்புக் காரணத்தால் எடுக்க முடியாது என்று வந்தது. அதே வங்கியின் செயலி, அதே வங்கியின் உதவி எண்!

அப்புறம் வீட்டுக்காரருடைய போனை வாங்கிப் படம் பிடித்தார். டியூப்லைட் வெளிச்சம் பட்டு, எண்ணில் ஒரு இலக்கம் 1-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை. ஆனால் மேலே இருந்த கணக்கு எண்ணும் மீதித் தொகையும் பளிச்சென்று விழுந்திருந்தன. "என்ன பண்றதுன்னு சொல்லுங்க" என்று அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது.

இந்தத் தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனில் ஒவ்வொரு செயலியின் ஜன்னலும் தனித்தனியாக வரையப்படுகிறது. அவற்றை ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்புவது ஆண்ட்ராய்டின் வேலை. FLAG_SECURE என்ற குறி போட்ட ஜன்னலை அது போனின் திரைக்கு மட்டுமே தரும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, திரைப் பதிவுக்கோ பகிர்வுக்கோ நகல் எடுக்கும்போது அந்த இடத்தைக் கறுப்பாக விட்டுவிடும். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் செய்து, பார்த்துக்கொண்டே பணத்தை உருவுகிற மோசடிக்கு இது நேரடித் தடுப்பு. எனிடெஸ்க் செயலியை வைத்து இப்படி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அந்த ஆளுக்கு உங்கள் பக்கம் கறுப்பாகத் தெரிவதுதான் நல்லது.

ஆனால் அதன் எல்லையும் உங்களுக்குத் தெரியும். ஓடிபி வருவது குறுஞ்செய்தியில். அந்தச் செயலியில் உங்கள் குறி இல்லை. பகிர்வின்போது ஓடிபி அறிவிப்பை மறைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 15-இல்தான் வந்தது. அணுகல்தன்மை அனுமதி வாங்கிய தீய செயலிக்குப் படமே தேவையில்லை, திரையில் உள்ள எழுத்துகளை நேராகவே வாசித்துவிடும். ஆக, இது ஒரு கதவுக்கான பூட்டு, அவ்வளவுதான்.

வீடியோ செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வரும் கறுப்பு வேறு சங்கதி. அங்கே படத்தின் உரிமைதான் விஷயம்: மறைகுறியை நீக்கிய காட்சி, பல போன்களில், மற்ற செயலிகள் தொட முடியாத தனி நினைவகம் வழியாகவே திரைக்குப் போகிறது. சில சமயம் படம் கறுப்பாகி வசனவரி மட்டும் நிற்பது அதனால்தான். அங்கே பார்வையாளரிடமிருந்தே காக்கிறார்கள். உங்கள் செயலியில் காக்க வேண்டியது பார்வையாளரைத்தான்.

இனி என் கோரிக்கை. இந்தக் குறி ஜன்னலுக்குத்தான், செயலி முழுமைக்கும் அல்ல. தேவைப்படும்போது போடலாம், எடுக்கலாம்:

```
window.addFlags(WindowManager.LayoutParams.FLAG_SECURE)
window.clearFlags(WindowManager.LayoutParams.FLAG_SECURE)
```

நம்மில் பலர் முதல் வரியை அடிப்படை வகுப்பில் ஒரே தடவை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். மொத்தச் செயலியும் ஒரே ஜன்னலில் ஓடினால் எல்லாப் பக்கமும் கறுப்புதான். இதில் ஒரு வேடிக்கை, மேலே எழும் உரையாடல் பெட்டி தனி ஜன்னல் என்பதால் அதற்குத் தனியாகக் குறி போட வேண்டும். போட மறந்தால், பின்னால் உள்ள பக்கம் கறுப்பாக இருக்க, பெட்டியில் தட்டிய கடவுச்சொல் பகிர்வில் தெரியும். திரைப் பதிவை ஓடவிட்டு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பின் எண், அட்டை விவரம், மீதித் தொகை, கணக்கறிக்கை ஆகிய பக்கங்கள் கறுப்பாகவே இருக்கட்டும். பணம் போன ரசீதையும் பிழைப் பக்கத்தையும் திறந்துவிடுங்கள். அவற்றில் மீதித் தொகை வேண்டாம், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். குறிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் நகலெடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். போலி ரசீதுக்குப் பயந்து பூட்டுகிறோம் என்பீர்கள். போலி ரசீது தயாரிக்கிறவன் உங்கள் செயலியைத் திறப்பதே இல்லை, படத்தைத் திருத்தும் செயலியில் உட்கார்ந்து செய்கிறான். பணம் வந்ததா என்பதைக் கடைக்காரர் தன் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அடுத்த பதிப்பில்தான் முடியும் என்றால், அதுவரை உதவி எண்ணில் இருப்பவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்க வேண்டாம் என்றாவது சொல்லுங்கள். அக்காவின் புகார் பதிவானதே, நான் அந்த 12 இலக்கத்தையும் செயலியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போனில் வாசித்த பிறகுதான்.