டயலில் கை வைக்காதே

தஞ்சாவூர்
ஜூலை 14

அன்புள்ள பாலு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி மழைக்கு முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. பட்டாபி இன்னும் அந்த இருநூறு ரூபாயைத் தரவில்லை. இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

உன் கடிதத்தின் நான்காவது பக்கத்தில், வசந்தாவின் தோசைக்கல்லைப் பற்றிய புலம்பலுக்கு நடுவே, ஒரு வரி எழுதியிருந்தாய். "கைக்கடிகாரம் சேர்க்கலாம் என்றிருக்கிறேன், பத்தாயிரம் ஒதுக்கியிருக்கிறேன், முதல் வேலையாக அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவைக் கொடுத்து டயலைப் புது பெயின்ட் அடித்து வாங்கப்போகிறேன்." அதைப் படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவன்தான், காப்பி ஆறிப்போய்விட்டது. கொடுத்துவிடாதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடு.

ஏன் பதறுகிறேன் என்றால், அதே தப்பை நான் செய்திருக்கிறேன். என் மாமனாரிடம் ஒரு ஜனதா இருந்தது, நீகூடப் பார்த்திருக்கிறாய். அவர் போன பிறகு அலமாரியில் கிடந்தது. வெள்ளை டயல் பழுத்து மோர் நிறமாகியிருந்தது, ஆறு மணிப் பக்கம் ஈரம் புகுந்து காப்பிக் கறை போல ஒரு வட்டம். வீட்டுக்காரியின் பிறந்த நாளுக்கு அதைப் புதுசாக்கித் தரலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். பத்து நாளில் பளபளவென்று வந்தது. அவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடைய வாட்ச்?" என்றாள். கிண்டல் கொஞ்சமும் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கட்டவே இல்லை.

பெயின்ட் அடிப்பது என்றால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? டயலைக் கழற்றிப் பழைய பூச்சையும் எழுத்தையும் மருந்து போட்டுச் சுரண்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது வெறும் பித்தளைத் தகடு. அதன் மேல் புதுப் பூச்சு, அதற்கு மேல் அச்சு. தொழிற்சாலையில் விழுந்த எழுத்து போனது போனதுதான், திரும்ப வராது. எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. 2016இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இனி யாரும் உன் அப்பாவின் டயலுக்கு அசல் டயல் அடித்துத் தரப்போவதில்லை. சேர்ப்பவர்கள் கறை படிந்த அசல் டயலுக்குத்தான் விலை தருகிறார்கள், பளபளப்புக்கு இல்லை. நான் அதைத் தெரிந்துகொண்டதே பிறகுதான்.

பிறகும் உடனே திருந்தினேன் என்று நினைக்காதே. அடுத்த நான்கு மாதத்தில் ஏழு கடிகாரம் வாங்கினேன். அத்தனையும் இணையத்தில், அத்தனையும் ஆயிரத்துச் சொச்சம். பெட்டி வந்து இறங்கும்போதெல்லாம் உனக்குப் படம் அனுப்பினேனே, அந்த மயில் பச்சை எச்.எம்.டி. பைலட்டுக்கு நீ "ஐஸ்கிரீம் கடை" என்று பெயர் வைத்தாயே, நினைவிருக்கிறதா? நீ சொன்னது சரி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நீ வாங்கும்போது உதவும்.

விலை 1,400 ரூபாய். பைலட் என்றால் கறுப்பு டயல்தான் பெயர் போனது. இது பச்சையாக இருப்பதே அபூர்வம் என்று விற்றவன் எழுதியிருந்தான், நானும் அதை அபூர்வம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்து பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் ஈரத்தாளில் மை ஊறியது போல வீங்கியிருந்தது. நிமிடக் கோடுகள் சில இடத்தில் மணி எண்ணுக்கு நேராக நிற்கவில்லை. நடுத் துளையைச் சுற்றிப் பூச்சு தடித்து வளையமாகக் கட்டியிருந்தது. பெரிய முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும் இல்லையா, இது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வேறு ஏதோ கடிகாரத்தின் முள். கேஸ் முழுக்கச் சிராய்ப்பு, டயல் மட்டும் நேற்றுப் பிறந்தது போல. ஐம்பது வயது ஆளுக்குப் பல் மட்டும் பால் பல்லாக இருந்தால் சந்தேகம் வராதா? எனக்கு வரவில்லை.

பிறகு நம் பக்கத்துத் தெரு மெக்கானிக் ஐயா பின் மூடியைத் திறந்தார். திருகுகளின் தலையெல்லாம் மழுங்கிப்போயிருந்தன, பலர் பலமுறை கழற்றிய அடையாளம். டயலை மிஷினோடு பிடித்து நிறுத்தும் இரண்டு கால்களும் உடைந்து, பசையால் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்குப் பதினொரு நிமிடம் பின்தங்கியது, குப்புற வைத்தால் நின்றேபோனது. படுத்தால் ஓடிக் குப்புறப்போட்டால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஊசல் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருக்கும் என்றார். அப்படித்தான் இருந்தது. சர்வீஸும் உதிரிப் பாகமும் சேர்ந்து 950 ரூபாய். ஆக 2,350 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு பொய் டயல், இரவல் முள், சுமாராக ஓடும் மிஷின். அதே பணத்தில் டயல் பழுத்த, நேர்மையான ஒரு கடிகாரம் வந்திருக்கும். இப்படி ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்து விற்பதற்குச் சேகரிப்பவர்கள் மத்தியில் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்ததும் என் ஏழையும் வரிசையாக வைத்து லென்ஸில் பார்த்தேன். ஐந்து தேறவில்லை.

எனவே யாரிடம் வாங்கினாலும் மூன்று படம் கேள். நேர் எதிரே எடுத்த முகம், பின் மூடி, மூடியைத் திறந்த மிஷின். மூன்றாவதுக்குச் சாக்குச் சொல்பவனிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். நேரில் வாங்கினால் உடனே பணம் கொடுத்துவிடாமல், நிறைய சாவி கொடுத்து, மல்லாக்கவும் குப்புறவும் வைத்துக் காதில் கேள். இரண்டிலும் சத்தம் ஒன்றுபோல இருக்க வேண்டும். நீ சீகோ 5 என்று ஆசைப்படுவதும் தெரியும். அதில் சோதனை இன்னும் சுலபம். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், பின் மூடியிலும் ஓர் எண் இருக்கும். இரண்டிலும் முதல் நான்கு இலக்கம் மிஷினின் எண். அது பொருந்தவில்லை என்றால் தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. பொருந்தியும் டயல் மட்டும் மிட்டாய்க் கலரில் இருந்தால் மறுபடி லென்ஸை எடு.

இப்போது உன் பத்தாயிரத்துக்கு வருகிறேன். நீ மனத்தில் பத்துக் கடிகாரம் எண்ணியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. கேரம் போர்டு வாங்கப் போய் மூன்று வாங்கி வந்தவன் நீ. சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு 800 ரூபாய் என்றே வைத்துக்கொள், பத்துக்கு 8,000. ஐந்து வருடத்தில் பரப்பினால் வருடம் 1,600, நீ புதிதாக ஒன்றுமே வாங்காமல். இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மூன்று போதும். அப்பாவின் ஜனதா ஒன்று. தோட்டத்துக்கும் மழைக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ ஒன்று. 1989இலிருந்து வருகிறது, பாட்டரி ஏழு வருடம் வரும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பழைய கடிகாரத்தோடு கிணற்றடிக்குப் போகாதே, ரப்பர் வளையமெல்லாம் எப்போதோ காய்ந்திருக்கும், ஒரு வாளித் தண்ணீர் போதும். மூன்றாவது, நீ ஆசைப்பட்டு ஆறு மாதம் தேடி வாங்கும் ஒன்று. அதற்கு 4,000 வரை போ. மீதியில் 3,000 ரூபாயைச் சர்வீஸுக்கென்று தனியாக வை, வசந்தாவிடம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

ஜனதாவுக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அது எத்தனை வருடமாக ஓடவில்லை என்று எழுதவில்லை நீ. பத்து வருடம் என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். வேடிக்கைக்காகச் சாவி கொடுத்து ஓட்டாதே, எண்ணெய் இல்லாமல் ஓடினால் அச்சுகள் தேயும். மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்: "மிஷினை மட்டும் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுங்கள். டயலையும் முள்ளையும் துடைக்கக்கூட வேண்டாம். கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம். மாற்றுகிற பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தாருங்கள்." கேஸ் பாலிஷ் வேண்டாம் என்றால் முறைப்பார்கள். முறைக்கட்டும். சக்கரத்தில் தேய்த்தால் கேஸின் கூர் விளிம்பெல்லாம் சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும்.

கண்ணாடிக் கீறல் மட்டும் உன் கண்ணை உறுத்தினால், அதை நீயே செய்யலாம். அது பிளாஸ்டிக் கண்ணாடிதான். மெல்லிய துணியில் பட்டாணி அளவு பல் பசை எடுத்துப் பத்து நிமிடம் வட்டமாகத் தேய், லேசான கீறல் போய்விடும். ஈரம் உள்ளே போகாமல் சாவிப் பக்கம் டேப் ஒட்டிக்கொள். ஸ்ட்ராப் வாங்கும் முன் அது மாட்டும் இரண்டு கொம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போ. நான் அளக்காமல் வாங்கிய நான்கு ஸ்ட்ராப் இழுப்பறையில் கிடக்கிறது, உனக்கு வேண்டுமானால் தருகிறேன்.

கட்டிப் பார்த்ததும் சின்னதாக இருக்கிறதே என்று நினைப்பாய். அது 35 மில்லிமீட்டர்தான், உன் மாப்பிள்ளை கட்டியிருக்கும் தட்டுக்கு எதிரே குழந்தை. ஒரு வாரம் கட்டு. உன் அப்பா அதைக் கட்டிக்கொண்டு கணக்குப் பேப்பர் திருத்தியபோது நம் இருவருக்கும் அது பெரிய கடிகாரமாகத்தான் தெரிந்தது. நான் முப்பத்தெட்டு மார்க் வாங்கிய பேப்பரும் அதில் உண்டு.

அடுத்த ஞாயிறு காலை வண்டியில் ஈரோடு வருகிறேன். லென்ஸ் கொண்டுவருகிறேன். அதுவரை ஜனதாவை அது இருக்கிற இடத்திலேயே வை. வசந்தாவிடம் தோசைக்கல்லை மாற்றச் சொல்லாதே, எனக்குப் பழைய கல்தான் பிடிக்கும்.

அன்புடன்,
சங்கரன்

பின்குறிப்பு: மாமனாரின் கடிகாரத்தைக் கொடுத்த கடைக்குப் போன மாதம் போனேன். பழைய முட்கள் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கி மேசையில் கவிழ்த்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து தேடினேன்.