ஆங்கில அறிவிப்பு எழுதுபவர்களுக்கு

நம் குடியிருப்புக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நாம் ஆங்கிலத்தில் போடும் அறிவிப்புகளை இனி தன்னார்வலர்கள் தமிழிலும் இந்தியிலும் மாற்றி, காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அனுப்புவார்கள். மொழிபெயர்ப்பவர் உங்களிடம் சந்தேகம் கேட்க முடியாத நேரத்தில்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். அதனால் மூலத்தையே நேராக எழுதுங்கள்.

ஒரு மாதிரி: “வாட்டர் சப்ளை மே பி ஹிட் டுமாரோ ட்யூ டு சம்ப் க்ளீனிங், ஷுட் பி ஓகே பை ஈவ்னிங், ப்ளான் அக்கார்டிங்லி.” தண்ணீர் குறையுமா, நிற்குமா? எந்த பிளாக்? மொழிபெயர்ப்பு மறுநாள் காலையில் போனால் ‘நாளை’ என்பது தவறான நாளாகிவிடும். ‘ஷுட்’ கட்டளையா, எதிர்பார்ப்பா என்பதும் தெரியாது.

இதையே ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியங்களாக எழுதலாம்: சனிக்கிழமை, 14ஆம் தேதி, சம்ப் சுத்தம் செய்கிறோம். ஏ, பி பிளாக்குகளில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. சி பிளாக்கில் வரும். காலை 10 மணிக்கு முன் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

‘இட்’ என்று எழுதாமல் மோட்டாரா, வால்வா என்று பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். படிக்க அலுப்புதான், பரவாயில்லை. ‘பை ஃப்ரைடே’ வேண்டாம். வெள்ளிக்கிழமையும் சேருமா என்று யாருக்கும் தெரியாது. “வெள்ளி மாலை 6 மணிக்கு முன்” என்றால் சரி. ‘ஈஓடி’ போன்ற சுருக்கங்களும் நகைச்சுவையும் நம் அரட்டைக்கு மட்டும்.

அப்புறம், மொழிபெயர்ப்பு வந்ததும் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, நாள், நேரம், இடம் மூன்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு அனுப்பலாம்.