கூட்டுத்தொகை சரி, அமிலக் கணக்கு தவறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணிதப் பக்கத்தில் வந்த கலவைக் கணக்கின் விடை தவறு. அதைவிட என்னை உறுத்துவது, அந்த விடைக்குக் கீழே 'சரிபார்த்தல்' என்று தலைப்பிட்டு ஒரு வரி இருப்பதுதான். அந்த வரி எதையுமே சரிபார்க்கவில்லை. பாடத்தில் இருக்கும் சரிபார்ப்பைப் பார்த்துத்தான் மாணவர்கள் தாங்களும் சரிபார்க்கப் பழகுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். 20 விழுக்காடு அமிலக் கரைசலையும் 50 விழுக்காடு அமிலக் கரைசலையும் கலந்து 30 விழுக்காட்டில் 12 லிட்டர் கரைசல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுப்பது? உங்கள் தீர்வு, '20 விழுக்காடு கரைசலின் அளவு x லிட்டர் என்க' என்று தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே

0.20(12 − x) + 0.50x = 3.6

என்று சமன்பாடு வருகிறது. தடம் புரண்டது இங்கேதான். x என்பது 20 விழுக்காடு கரைசல் என்றால் 0.20 அதனோடுதான் சேர வேண்டும். இந்தச் சமன்பாட்டிலோ x 50 விழுக்காட்டுக் கரைசலாகிவிட்டது. அதன் பிறகு நடக்கும் இயற்கணிதத்தில் ஒரு குறையும் இல்லை: 2.4 + 0.3x = 3.6, ஆகவே x = 4. கடைசியில் மறுபடி முதல் வரிக்குப் போய், '20 விழுக்காடு 4 லிட்டர், 50 விழுக்காடு 8 லிட்டர்' என்று விடை எழுதிவிட்டார்கள். அப்புறம் அந்தச் சரிபார்த்தல்: '4 + 8 = 12, சரி.'

இந்தக் கூட்டுத்தொகை சரியாக வராமல் இருக்கவே வழியில்லை. ஒன்றை x என்றும் மற்றதை 12 − x என்றும் எடுத்துக்கொண்ட நொடியிலேயே இரண்டின் கூடுதல் 12 என்று தீர்மானமாகிவிட்டது. x-க்கு 4 வந்தாலும் 7 வந்தாலும் 11 வந்தாலும் 12 தான் வரும். கணக்கில் நாமே போட்டு வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்து 'சரி' என்று சொல்வதில் என்ன பயன்?

'சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்க்கலாமே' என்று சிலர் கேட்கலாம். பார்ப்போம். x = 4 என்று போட்டால் 0.20 × 8 + 0.50 × 4, அதாவது 1.6 + 2.0 = 3.6. அட்டகாசமாகப் பொருந்துகிறது! விடை தவறாக இருந்தும் பொருந்துகிறது. ஏனென்றால் சமன்பாட்டைத் தீர்த்ததில் பிழையில்லை. கணக்கின் சொற்களைச் சமன்பாடாக மாற்றியதில்தான் பிழை. அந்த இடத்துப் பிழை, அதே சமன்பாட்டுக்குள் நின்று தேடினால் அகப்படாது.

ஆகவே சரிபார்க்கும்போது x-ஐயும் சமன்பாட்டையும் மறந்துவிட்டு, விடையை எடுத்துக்கொண்டு கேள்வியின் வாசகத்துக்கே போக வேண்டும். விடைப்படி 20 விழுக்காடு கரைசல் 4 லிட்டர் ஊற்றுகிறோம். அதில் அமிலம் 0.8 லிட்டர். 50 விழுக்காடு கரைசல் 8 லிட்டர் ஊற்றுகிறோம். அதில் அமிலம் 4 லிட்டர். இரண்டும் சேர்ந்து 4.8 லிட்டர். 12 லிட்டரில் 4.8 லிட்டர் என்றால் 40 விழுக்காடு. கேட்டதோ 30. அளவுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்: 20 விழுக்காட்டில் 8 லிட்டர், அமிலம் 1.6, 50 விழுக்காட்டில் 4 லிட்டர், அமிலம் 2.0. மொத்தம் 3.6. 12-இல் 30 விழுக்காடும் அதுதான். இதுவே சரியான விடை.

பேனாவைத் தொடாமலேயே இந்தப் பிழையைப் பிடித்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சமமாக, ஆறு ஆறு லிட்டராகக் கலந்தால் 20-க்கும் 50-க்கும் நடுவிலுள்ள 35 விழுக்காடு வரும். நமக்கு வேண்டிய 30 அதற்குக் கீழே இருக்கிறது. அப்படியானால் நீர்த்த கரைசல் ஆறு லிட்டருக்கு மேல் இருந்தே தீர வேண்டும். விடையில் 4 என்று பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

இன்னொன்று. தவறான விடை தந்த 40, நடுப்புள்ளியான 35-க்கு மேலே 5. கேட்ட 30, கீழே 5. இது தற்செயல் இல்லை. இரண்டு அளவுகளும் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான் எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்தில் போய் நிற்கும். ஆகவே ஒரு மாணவரின் விடையைச் சோதித்து 40 வந்தால், முழுக் கணக்கையும் கிழித்துப் போட வேண்டாம். 'எதை x என்று எடுத்தாய்?' என்று கேட்டால் போதும். குறுக்குக் கோடு போட்டு விகிதம் காணும் சுருக்குவழியிலும் அடிக்கடி நேரும் பிழை இதுவே. கழித்து வரும் 20, 10 என்ற எண்களில் எது எந்தக் கரைசலுக்கு என்று குழம்பி, 2 : 1 என்பதை 1 : 2 ஆக்கிவிடுவார்கள்.

சிலர் தண்ணீரையும் தனியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள். சரியான விடைக்கு 6.4 + 2.0 = 8.4 லிட்டர், 12-இல் 3.6 போனால் மீதியும் 8.4. பார்ப்பதில் தவறில்லை, கூட்டல் பிழை இருந்தால் தெரியும். ஆனால் மொத்தமும் அமிலமும் பொருந்திவிட்டால் தண்ணீர் தானாகவே பொருந்தும். ஆகவே அதைத் தனியான மூன்றாவது சாட்சியாக எண்ணக் கூடாது.

கணக்கின் வாசகத்திலும் ஒரு திருத்தம் தேவை. லிட்டரும் லிட்டரும் அப்படியே கூடும் என்பது கணக்குக்காக நாம் செய்துகொள்ளும் அனுமானம். 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் கலந்தால் 100 வராது, ஏறக்குறைய 96, 97 தான் வரும். எடை மட்டும் குறையாமல் அப்படியே கூடும். 'கன அளவு மாறாது எனக் கொள்க' என்று ஒரு வரி சேர்க்கலாம். இல்லையென்றால் லிட்டரைக் கிலோகிராமாக்கி, விழுக்காடு எடைப்படி என்று சொல்லிவிடலாம். எண்கள் எதுவும் மாறாது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, '8 லிட்டர், 4 லிட்டர்' என்று எண்களை மட்டும் மாற்றிவிட்டு '8 + 4 = 12, சரி' என்ற வரியை அப்படியே விட்டுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் '1.6 + 2.0 = 3.6, 12-இல் 30 விழுக்காடு' என்று அமிலத்தின் கணக்கை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்